நாலு வரிக்கு மூன்று சொந்தக்காரர்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அந்த மின்னஞ்சல் வந்தபோது, தேவிப்ரியா இடுக்கியால் ஒரு சின்னக் கிண்ணத்தைச் சூடடுப்பிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் ஜவ்வரிசி மாவு. உள்ளே வைப்பதற்கு முன் இருந்த எடை, வெளியே எடுத்து ஆறிய பின் இருக்கும் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஈரம். சின்னசேலம் சாலையில் இருக்கும் அந்த சேகோ மில்லில் இந்த வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லோரும் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிண்ணத்தை ஆறவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மின்னஞ்சலைத் திறந்தாள். கோயமுத்தூரில் ஆள் எடுத்துத் தரும் நிறுவனம் ஒன்று. அனுப்பியவர் அருள்மொழி. ஆங்கிலத்தில் இருந்தது. முதல் பத்தி முழுக்க 'துடிப்பான', 'உற்சாகமான', 'வளர்ந்துவரும்' என்று மேளம் கொட்டியது. இரண்டாம் பத்தியில்தான் சமாச்சாரம். ஓசூர்ப் பக்கம் ஓர் உணவுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. நிரந்தரம். நீங்கள் அனுப்பியிருந்த ரெசுமேவைப் பார்த்தோம். இந்த வேலைக்கு ஏற்றபடி மாற்றி, நாளைக் காலை பதினொரு மணிக்குள் அனுப்பவும். என்ன மாற்றுகிறீர்கள், என்ன இணைக்கிறீர்கள் என்பதைப் பதிலில் தெளிவாகக் குறிப்பிடவும். வேலை விவரம் இணைப்பில் உள்ளது.

நிரந்தரம் என்ற சொல்லை அவள் மூன்று தடவை படித்தாள். சேகோ மில்லில் வருஷத்துக்கு ஏழு மாதந்தான் வேலை. கல்வராயன் மலையிலிருந்தும் சுற்றுப்பட்டுக் காடுகளிலிருந்தும் மரவள்ளிக் கிழங்கு லாரி வருகிறவரை சம்பளம். கிழங்கு நின்றால் சம்பளமும் நின்றுவிடும். மீதி ஐந்து மாதமும் அப்பா செல்லமுத்துவின் குத்தகைக் காட்டில் களை பிடுங்குகிற பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி அவள். மூன்று சீசன் இப்படியே போய்விட்டது. இருபத்தாறு வயதாகிவிட்டது.

மாற்றி அனுப்பு என்றால் எதை மாற்றுவது? டீ நேரத்தில் கிழங்கு கொட்டும் மேட்டுக்குப் பின்னால் போய் நின்று அந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க மேடம், அருள்மொழிதானுங்க பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். ஒரு நாளைக்கு இருபது போன் பேசுகிற குரல். ஆனால் அவசரப்படாத குரல்.

"மேடம், ரெசுமேவ மாத்தி அனுப்பச் சொன்னீங்க. எதுங்க மாத்தணும்? தப்பா எதுனா இருக்குதுங்களா?"

"தப்புன்னு இல்லீங்க. உங்க முதல் பாரா இருக்குதுல்லீங்க, சவாலான சூழலில் என் திறமையை அர்ப்பணித்துன்னு... அது நான் பாக்கற எல்லா ரெசுமேலயும் இருக்குதுங்க. அத எடுத்துருங்க. அப்பா பேரு, மதம், ரத்த குரூப், உறுதிமொழி, அதெல்லாம் வேண்டாமுங்க. வேலை அனுபவத்த மேல கொண்டாங்க. வேலை விவரத்துல என்னென்ன கேட்டிருக்காங்களோ, அதுல நீங்க நெசமாச் செஞ்சது எதுன்னு அவங்க வார்த்தையிலயே எழுதுங்க. செய்யாதத எழுதாதீங்க, இன்டர்வியூல மாட்டிக்குவீங்க."

"சரிங்க மேடம்."

குரல் கொஞ்சம் தயங்கியது. "இன்னொண்ணுங்க. உங்க மில்லுல இருந்தே இன்னொரு ரெசுமே வந்திருக்குது. பேரு சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது. அதுல சாதனைன்னு போட்டிருக்கற நாலு வரியும் உங்களதும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணா இருக்குதுங்க. புள்ளி, கமா கூட மாறல. ரெண்டையும் அப்படியே அனுப்பினா கம்பெனிக்காரங்க ரெண்டையும் தூக்கிப் போட்டுருவாங்க. அதனால நீங்க செஞ்சது எப்படின்னு எழுதுங்க. இருக்கற ஆதாரத்த இணைச்சு விடுங்க. அவ்வளவுதானுங்க."

போன் வைத்த பிறகும் தேவிப்ரியா கைப்பேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த நாலு வரி சும்மா வந்ததில்லை. முன்பெல்லாம் மேலே இருக்கிற ஒரு மூட்டையில் கையைவிட்டு ஒரு பிடி எடுத்து, ஈரம் பார்க்கும் மீட்டரில் வைத்து, பாஸ் என்று எழுதிவிடுவார்கள். லோடு வடக்கே போய், ஈரம் ஜாஸ்தி என்று திரும்பி வரும். ஒரு சீசனில் பதினொரு லோடு திரும்பியது. அவள் வந்துதான் ஒவ்வொரு லாட்டிலும் ஐந்து இடத்திலிருந்து ஐந்து மூட்டை பார்க்க ஆரம்பித்தாள். லாரி ஏற்றுவதற்கு முன் மறுபடி பார்த்தாள். மீட்டர் சொல்வதை வாரம் ஒரு தடவை சூடடுப்பு சொல்வதோடு ஒப்பிட்டாள். ஏற்றிப்போன லோடு ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டலம் சீல் வைத்து, வாங்கினவர் ஒத்துக்கொள்கிறவரை அலமாரியில் வைத்தாள். அடுத்த சீசன் திரும்பியது இரண்டே லோடு. இதைச் செய்யும்போது மூட்டை தைப்பவர்கள் 'டீச்சரம்மா வந்துட்டாங்க' என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே பிறந்த நாலு வரி அவை.

அதை இன்னொருவர் எழுதியிருக்கிறார். யார்?

அரை நாள் பர்மிஷன் கேட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஏறினாள். ரெசுமேவைத் திருத்தவேண்டுமென்றால் அங்கேதான் போகவேண்டும். ஏனென்றால் அந்த ஃபைல் அவளிடம் கிடையாது.

கச்சிராயபாளையம் சாலையில் முதல் மாடியில் இருந்தது தெய்வசிகாமணியின் ப்ரௌசிங் சென்டர். பலகையில் ப்ரௌசிங் சென்டர் என்று இருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது 'சிகா குளோபல் கேரியர் ஆர்க்கிடெக்ட்ஸ்' என்று நீல விளக்கு எரிந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா சிட்டா. உலகத்தரத்துக்கு உள்ளே மூன்று கம்ப்யூட்டர், அதில் ஒன்று ரிப்பேர்.

தெய்வசிகாமணி அவள் அம்மாவுக்குப் பெரியப்பா மகன். அவளுக்கு மாமா. அவள் ரெசுமேவுக்கு அவர் காசு வாங்கியதில்லை. 'நம்ம வூட்டுப் பொண்ணு' என்பார். மின்னஞ்சல் கணக்கையும் அவர்தான் திறந்துகொடுத்தார். யாருக்கு ரெசுமே செய்தாலும் அச்சடித்த தாளையும் பி.டி.எஃப்.பையும்தான் தருவார். திருத்தக்கூடிய ஃபைலைத் தரமாட்டார். அது அவருடைய தொழில் ரகசியம். ஒரு காற்புள்ளி மாற்றவேண்டுமென்றாலும் படியேறி வரவேண்டும்.

"வா தேவி, இன்னா திடீர்னு? லீவா?"

"ரெசுமேல கொஞ்சம் மாத்தணும் மாமா. நாளைக்குள்ள அனுப்பணும். நானே பண்ணிக்கிறேன், ஃபைல மட்டும் தொறந்து வுடு."

"உக்காரு உக்காரு. ரெண்டாம் நம்பர் சிஸ்டம். டெஸ்க்டாப்புல கேண்டிடேட்ஸ் ஃபைனல்னு இருக்கும் பாரு. அதுல ஃபைனல் ஃபைனல். நான் இந்தாளுக்கு ஒரு ஆதார் கரெக்‌ஷன் பாத்துக்கினு வரேன்."

அவள் ஃபோல்டரைத் திறந்தாள். ஊரிலிருக்கிற படித்த பிள்ளைகள் அத்தனை பேரும் உள்ளே வரிசையாக இருந்தார்கள். ஆங்கில எழுத்து வரிசையில் தன் பெயரைத் தேடுமுன் முதலிலேயே ஒரு பெயர் கண்ணில் பட்டது. அஜித்குமார். மாமாவுடைய மச்சான் மகன். போன சீசனில் நாலு மாதம் அதே மில்லில் மூட்டை தைக்கிற பகுதியில் இருந்தவன். 'டீச்சரம்மா' என்று சத்தமாகச் சிரித்தவனும் அவன்தான்.

திறந்து பார்த்தாள்.

மேலே அவன் பெயர், அவன் போட்டோ. பதவி, உதவி வேதியியலாளர். அனுபவம் பதினான்கு மாதம். சாதனைகள் என்ற தலைப்புக்குக் கீழே அவளுடைய நாலு வரி. ஐந்து மூட்டையும் இருந்தது, பதினொன்று இரண்டானதும் இருந்தது. கீழே சொந்த விவரம். தந்தை பெயர் செல்லமுத்து. பாலினம் பெண்.

தெய்வசிகாமணி எப்போதுமே அப்படித்தான். ஒருவருடைய ரெசுமேவைத் திறந்து வேறு பெயரில் சேமித்து, மேலே மட்டும் மாற்றுவார். பாதி வழியில் யாராவது ஜெராக்ஸுக்கு வந்துவிட்டால் கீழே மாற்றுவது மறந்துவிடும். இந்த அவசரத்தில் அஜித்குமாருக்கு அவள் அப்பனையே கொடுத்துவிட்டார்.

"மாமா, இங்க வாயேன்."

வந்து பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். அவர் கண்ணில் பட்டது வேறு.

"அடச்சே, பாலினத்த மாத்தாம வுட்டுட்டனா! நல்ல வேள சொன்ன."

"மாமா, இது நான் செஞ்ச வேல. அவன் மூட்ட தச்சான்."

"தச்சான். யாரு இல்லன்னா? அந்த மூட்டைக்குள்ள இருந்த மாவத்தான நீ டெஸ்ட் பண்ண? ஒரே கம்பெனி, ஒரே மாவு. இதுல உன்னுது என்னுதுன்னு இன்னா இருக்குது?"

"நாலு வரியும் நான் உங்கிட்ட வாயால சொல்லி, நீ டைப் பண்ணது மாமா. எம் பக்கத்துல உக்காந்துக்கினு கேட்ட."

"அதத்தான் நானும் சொல்றேன். அவ்ளோ நல்லா வந்துச்சு. நூறு ரெசுமே பண்ணியிருக்கேன், இந்த மாதிரி பாயிண்ட் எவனுக்கும் அமையல. நல்லா இருக்கறதத்தான எடுப்பாங்க? நீ பெருமப்படணும்." குரலைத் தணித்துக்கொண்டார். "தேவி, அவன் ஆம்பள. நாளைக்குக் குடும்பத்தத் தாங்கணும். நீ இன்னா, ரெண்டு வருசத்துல கட்டிக்கினு போயிடுவ. நம்மாளுதான முன்னுக்கு வரான்? வெளியாளா?"

ஆதார் திருத்த வந்த ஆள் நியாயம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தலையாட்டினான்.

தேவிப்ரியா திரைக்குத் திரும்பினாள். பக்கத்திலேயே இன்னொரு ஃபைல் இருந்தது. அஜித்குமார் அனுபவச் சான்று. மில்லின் தலைப்புத் தாளில், பதினான்கு மாதம் உதவி வேதியியலாளராகப் பணிபுரிந்தார், திரும்பி வரும் லோடுகளைக் குறைத்ததில் முக்கியப் பங்கு வகித்தார் என்று இருந்தது. கீழே கையெழுத்து, மில்லின் முத்திரை. வெங்கடேசன், தரக்கட்டுப்பாட்டு மேலாளர்.

அந்தக் கையெழுத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். மாமா வேறு. அவருக்கு மாவுக்கும் மைதாவுக்கும் வித்தியாசம் தெரியாது. வெங்கடேசன் சாருக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் பதிவேட்டிலும் அவள் எழுதின எண்களுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவர் அவர். ஆயுதபூஜை அன்று எல்லோர் முன்னாலும் 'தேவிதான் நம்ம லேபோட முதுகெலும்பு' என்று சொன்னவர். அவள் அதை நம்பி, வீட்டில் போய் அப்பாவிடம் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தாள்.

தன் ரெசுமே ஃபைலைத் தனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டாள். எழுந்தாள்.

"ஏய், ஃபைல எடுத்துக்கினியா? அத வெளிய தர்றதில்ல."

"என் பேரு இருந்தத மட்டும் எடுத்துக்கினேன் மாமா. மீதி எல்லாம் இங்கயேதான் கீது."

நாலேகால் மணிக்கு மறுபடி மில். வெங்கடேசனின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் இலட்சியம் ஒரு சட்டத்தில், நோக்கம் ஒரு சட்டத்தில். இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒரு பெரிய கண்ணாடிச் சட்டம். ஏதோ ஒரு சங்கம் போன மாதம் கொடுத்த 'தரச் செம்மல்' விருது. மண்டபத்தில் அவளும் கை தட்டினாள். தூரத்திலிருந்து தட்டியதால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை.

"வாம்மா. பர்மிஷன்ல போன, அதுக்குள்ள வந்துட்ட?"

"சார், எனக்கு ஒரு லெட்டர் வேணும் சார். நான் இங்க இன்னா வேல செய்யறேன், எப்ப இருந்து செய்யறேன்னு ரெண்டு வரி. நாளைக்குக் காலைல அனுப்பணும்."

வெங்கடேசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கம்பெனி விதிகளைப் பற்றிப் பேசும்போது அவர் எப்போதும் சாய்ந்துகொள்வார். "அனுபவச் சான்றுன்றது வேலைய வுட்டு ரிலீவ் ஆவும்போது தர்றதும்மா. வேலைல இருக்கும்போது தர மாட்டோம். அது பாலிசி. உங்கிட்ட நியமன உத்தரவு இருக்குது, சம்பளச் சீட்டு இருக்குது. அதுவே போதும்னு சொல்லுவாங்க."

"அஜித்துக்குக் குடுத்தீங்களே சார்."

"அவன் ரிலீவ் ஆயிட்டான்ல?"

"நாலு மாசம் மூட்ட தச்சான் சார். பதினாலு மாசம் கெமிஸ்ட்டுன்னு இருக்குது."

அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "சிகாமணி டைப் பண்ணி எடுத்துக்கினு வந்தாரு. ஏழப் பையன், பாவம். ஒரு மனிதாபிமானத்துல போட்டேன். முழுசாப் படிக்கல." பிறகு அவருக்கே ஒரு நல்ல யோசனை தோன்றியது. "இப்ப உனக்கும் அதையே எழுதிக் குடுத்தன்னு வெச்சிக்க, ஒரே வேலைய ரெண்டு பேரு செஞ்சாங்கன்னு ஆவும். எங் கையெழுத்துக்கு மரியாத இன்னா ஆவறது? நீயே சொல்லு."

அவள் அவர் தலைக்கு மேலிருந்த சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். 'தமது தொலைநோக்குத் தலைமையில் ஒவ்வொரு லாட்டிலும் ஐந்து மூட்டை' என்று தொடங்கி, பதினொன்று இரண்டானதில் முடிந்திருந்தது. நாலே வரி. யார் தட்டச்சு செய்திருப்பார்கள் என்று கேட்கவேண்டியதில்லை. கையெழுத்துக்கும் விருதுக்கும் கொடுக்கல் வாங்கல் நேராகிவிட்டது. அந்தக் கடையில் எல்லாமே ஒரே மாவில் செய்வதுதான்.

"அது அழகா இருக்குது சார்" என்றாள்.

வெங்கடேசன் திரும்பிப் பார்த்தார். அவர் காது லேசாகச் சிவந்தது. "டீம்வொர்க்கும்மா" என்றார்.

ஐந்தரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழலாமா என்று யோசித்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் சீட்டுக்கு அடியில் கோழியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லவேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றினாள். மாற்றும்போதுதான் பார்த்தாள், மறந்துபோனால் மீட்பதற்கென்று கொடுத்திருந்த கைப்பேசி எண் அவளுடையதில்லை. கடைசி நாலு எண் மாமாவுடையது. மூன்று வருஷமாக அவளுக்கு வந்த கடிதமெல்லாம் அவருக்கும் திறந்த கதவுதான். அஜித்குமார் எப்படி அதே கோயமுத்தூர் முகவரியைக் கண்டுபிடித்தான் என்ற கேள்விக்கும் அதிலேயே விடை இருந்தது. எண்ணை மாற்றினாள்.

பிறகு ரெசுமேவைக் கைப்பேசியில் திறந்தாள். அர்ப்பணிப்பையும் ரத்த குரூப்பையும் எடுத்தவுடனே முக்கால் பக்கம் காலியானது. இத்தனை நாள் தன்னைப் பற்றி இருந்ததில் பாதிக்குமேல் தன்னைப் பற்றியே இல்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலை விவரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மாதிரி எடுத்தல், செய்திருக்கிறாள். ஈரம், சாம்பல், அமிலத்தன்மை, செய்திருக்கிறாள். கருவிகளைச் சரிபார்த்தல், மீட்டரைச் செய்திருக்கிறாள். வாடிக்கையாளர் புகாரைத் தொடர்தல், செய்திருக்கிறாள். உணவுப் பாதுகாப்பு அபாயப் பகுப்பாய்வுக் குழுவில் அனுபவம், இல்லை. இல்லாததை இல்லை என்றே விட்டாள்.

சாதனை நாலு வரியையும் அழித்தாள். விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அழித்தாள். அதற்குப் பதிலாக ஏன் ஐந்து மூட்டை, எந்த நேரத்தில், மீட்டர் தப்பாகக் காட்டிய வாரத்தில் என்ன செய்தாள் என்று எழுதினாள். மூட்டை தைத்தவனுக்குத் தெரியாத விஷயங்கள்.

கடைசியாகப் பதில். முதலில் எழுதியது ஒன்றரைப் பக்கம் வந்தது. அதில் மாமா இருந்தார், வெங்கடேசன் இருந்தார், அஜித்குமாரின் நாலு மாதமும் பாலினமும் இருந்தன. பதிவேட்டின் பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருந்தாள், அவள் கையெழுத்தில் தேதி தேதியாக. அதையும் இணைத்தாள். அனுப்புவதற்கு முன் அம்மா பெரியநாயகியைக் கூப்பிட்டுத் தமிழில் படித்துக் காட்டினாள்.

பெரியநாயகி முழுக்கக் கேட்டாள். தன் பெரியப்பா மகன் பெயர் வந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எல்லாம் நெசந்தான். ஆனா அந்தப் பொண்ணு கேட்டது இன்னா, நீ எழுதிக்கினு கீறது இன்னா? அவ உன்னப் பத்திக் கேட்டா. நீ மூணு களவாணியப் பத்தி எழுதிக்கினு கீற. படிக்கறவளுக்கு அவுனுங்க பேருதான் நிக்கும்."

"பதிவேடு இருக்குதும்மா, ஆதாரத்துக்கு."

"அது மில்லு நோட்டுதான? மில்லு நோட்ட நாளைக்கு இன்னொரு மில்லுக்காரனுக்குக் காட்டறவள எவன் வேலைக்கு வெப்பான்?"

தேவிப்ரியா படங்களை நீக்கினாள். பிறகு ஒன்றரைப் பக்கத்தையும் நீக்கினாள். இரவு ஒன்பதரை மணிக்குப் போன பதில் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'மதிப்பிற்குரிய அருள்மொழி அவர்களுக்கு, தரக்கட்டுப்பாட்டு வேலைக்காக மாற்றிய ரெசுமேவை நீங்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே அனுப்புகிறேன்.

மாற்றியவை: பொதுவான முன்னுரைக்குப் பதில் இந்த வேலைக்குப் பொருந்தும் இரண்டு வரி அறிமுகம். வேலை அனுபவம் முதலில், படிப்பு பிறகு. மாதிரி எடுத்தல், ஈரம் மற்றும் சாம்பல் சோதனை, கருவி சரிபார்ப்பு, புகார் தொடர்தல் ஆகியவற்றில் நான் செய்ததை, செய்த முறையோடு எழுதியுள்ளேன். சொந்த விவரங்களை நீக்கியுள்ளேன். அபாயப் பகுப்பாய்வுக் குழுவில் எனக்கு அனுபவம் இல்லை. உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சி முடித்திருக்கிறேன்.

இணைத்தவை: ரெசுமே, பி.டி.எஃப். ஆகவும் வேர்ட் ஃபைலாகவும். பட்டச் சான்று. பயிற்சிச் சான்று. பதவியும் சேர்ந்த தேதியும் உள்ள நியமன உத்தரவு. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. இப்போதும் பணியில் இருப்பதால் அனுபவச் சான்று இல்லை. ஆலையின் பதிவேடுகள் ஆலைக்குச் சொந்தம் என்பதால் இணைக்கவில்லை.

இன்னொரு விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னுடையதில் உள்ள எந்த வரியைக் கேட்டாலும் விளக்கத் தயார். விலகுவதற்கு ஒரு மாத அறிவிப்பு தேவை. எனக்குச் சொல்லாமல் இப்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு, செ. தேவிப்ரியா.'

கடைசிக்கு முந்தைய வரியை எழுதும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்போதைய நிறுவனம் என்றால் வெங்கடேசன். மூன்று வருஷம் வேலை செய்த இடத்தில் அவளுக்காக ஒரு வார்த்தை சொல்ல யாரும் இல்லை. சொல்லத் தெரிந்த ஒரே ஆள் சொல்லமாட்டார். மாவுக்கு வாயில்லை.

மறுநாள் காலை அருள்மொழியிடமிருந்து ஒரு வரி வந்தது. கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன், வியாழக்கிழமை நாலரை மணிக்குப் போனில் பேசுவார்கள்.

வியாழக்கிழமை மூன்றரைக்கு வெங்கடேசன் ஆய்வுக்கூடத்துக்கு நேரில் வந்தார். ஏசி அறையை விட்டு அவர் இவ்வளவு தூரம் நடப்பது ஆடிட் வரும்போது மட்டும்தான். கையில் அவருடைய போன்.

"இந்தாம்மா, அஜித்து லைன்ல கீறான். ஏதோ சின்ன டவுட்டாம். சொல்லு."

போனை வாங்கினாள்.

"அக்கா! நல்லாக்கீறியா? ஒண்ணுமில்லக்கா, நாலு மணிக்கு ஒரு போன் இன்டர்வியூ. அந்த ஈரம் பாக்கற மேட்டரு, அதக் கொஞ்சம் சொல்லேன். மீட்டர் ஒண்ணு, அந்த அடுப்பு ஒண்ணு, ரெண்டும் எதுக்கு?"

"எந்த மேட்டர்?"

"அதாங்க்கா, நாம செஞ்சமே."

'நாம' என்ற அந்தச் சொல்லை அவன் ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னான். வஞ்சகம் கூட இல்லை அவன் குரலில். ரெசுமேவை இரண்டு நாள் படித்துப் படித்து அவனே நம்பிவிட்டிருந்தான். தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், அவன் கதை முடிந்தது. வாய் வரைக்கும் வந்தது. எதிரே வெங்கடேசன் தலையாட்டிக்கொண்டு நின்றார், ஒரு நல்ல காரியத்தை முன்னின்று நடத்துகிற முகத்தோடு.

"எனக்கும் அதே கம்பெனிதான் அஜித்து. நாலரைக்கு. ஒரே பரீட்சைய எழுதறோம், நான் சொல்லித் தர முடியாது" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வெங்கடேசன் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அறையை விட்டுப் போனார்.

நாலரைக்கு வந்த அழைப்பு நாற்பது நிமிஷம் நீடித்தது. பேசியது ஓசூரிலிருந்து ஒரு அம்மாள். வயதான, கறாரான குரல். வந்தனம், உபசாரம் எதுவும் இல்லை. "மீட்டர் ஒண்ணு சொல்லுது, அடுப்பு ஒண்ணு சொல்லுது. என்ன பண்ணுவே?" என்று நேராகக் கேட்டார்.

"அடுப்பத்தான் நம்புவேன் மேடம். மீட்டரச் சரிபண்றவரைக்கும் தொட மாட்டேன். கடைசியா அது சரியா இருந்த நாள்ல இருந்து இதுவரைக்கும் பாஸ் பண்ண லாட்ட எல்லாம் மறுபடி பாப்பேன். லாரில போனது இருந்தா அலமாரில இருக்கற பொட்டலத்த எடுத்துப் பாப்பேன்."

"செஞ்சிருக்கியா, படிச்சதா?"

"போன தை மாசம் செஞ்சேன் மேடம். மூணு லாட்டு நிறுத்தினேன். அன்னிக்கு யாரும் எங்கூடப் பேசல."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம். முதலும் கடைசியுமாக.

ஆறு மணிக்கு பஸ்ஸில் இருக்கும்போது அருள்மொழியின் செய்தி வந்தது. திங்கட்கிழமை ஓசூரில் நேர்முகம். எல்லாவற்றுக்கும் அசல் கொண்டுவரவும். தேர்வானால் சான்றுக்காக உங்கள் மேலாளரிடம் பேசுவார்கள். அவர் பெயரும் எண்ணும் தரலாமா?

பதில் எழுதுவதற்குள் போன் அடித்தது. தெய்வசிகாமணி.

"தேவி, இது உனக்கே நல்லாக்கீதா?" அவர் குரல் உடைந்திருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே மனசு நொந்துபோய்ப் பேசினார். "ஒரு சொந்தக்காரப் பையன், நம்பி ஒரு டவுட்டு கேட்டான். மீட்டரு ஒண்ணு காட்டி அடுப்பு ஒண்ணு காட்டுனா இன்னா பண்ணுவன்னு அந்தம்மா கேட்டாங்களாம். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுப்பேன்னு சொல்லியிருக்கான். அஞ்சு நிமிசத்துல வெச்சிட்டாங்க. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும்? இப்படிக் கூட இருந்தே துரோகம் பண்ணுவன்னு நான் நெனைக்கல. எல்லாத்தையும் ஓசில செஞ்சி குடுத்தேன். என் நெஞ்சே ஆறல."

அவர் இன்னும் சொல்லிக்கொண்டே போனார். ரத்த பாசம் வந்தது, நன்றி வந்தது, அந்தக் காலத்து மனிதர்கள் வந்தார்கள். தேவிப்ரியா காதிலிருந்து போனை எடுக்கவில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தும்வரை காத்திருந்தாள்.

"மாமா, சொல்லி முடிச்சிட்டியா?"

"இன்னும் இன்னா சொல்றது? மனசு வுட்டுப்போச்சி."

"சரி. வெச்சிடறேன். எனக்கு ஒரு மெயிலுக்குப் பதில் போடணும்."

வைத்தாள். அருள்மொழியின் கேள்வி அப்படியே திரையில் நின்றுகொண்டிருந்தது. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவை அழித்தாள். மூன்றாவதாக எழுதியது இதுதான்: 'திங்கட்கிழமை அசல்களோடு வருகிறேன். மேலாளர் பெயரை, வேலை உத்தரவு என் கைக்கு வந்த பிறகு தருகிறேன். அவர் என்னைப் பற்றி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.'

அனுப்பினாள். கடைசி இரண்டு வாக்கியமும் தன் மேலேயே சந்தேகத்தைக் கிளப்பும், அழித்திருக்கவேண்டும் என்று தோன்றும்போது பஸ் கூகையூர் பிரிவுச் சாலையைத் தாண்டிவிட்டது.